பி.டி.இ. ஆங்கிலத் தேர்வின் கட்டுரையில் கட் பண்ணிய பத்தி காணாமல் போகிறது

"ஒரு பத்தியை கட் பண்ணி மேலே பேஸ்ட் போட்டால் வேறு ஏதோ வரி வருகிறது, பத்தியே போய்விட்டது. திரும்ப டைப் அடிப்பதிலேயே நேரம் போகிறது. என்ன செய்வது?"

வேறு எதையும் டைப் அடிக்காமல் உடனே Ctrl+Z. பத்தி திரும்பும்வரை அழுத்துங்கள்.

பெரும்பாலும் நடப்பது இதுதான்: பத்தியை கட் பண்ணிவிட்டு, பேஸ்ட் போடும் முன் போகிற போக்கில் இன்னொரு சொல்லையும் கட் செய்திருப்பீர்கள். கடைசியாக எடுத்தது மட்டும்தான் கணினியின் நினைவில் நிற்கும். முதலில் எடுத்த பத்தி அதோடு போச்சு.

அதனால் நீளமான பகுதியை நான் கட் பண்ணுவதே இல்லை. காப்பி, பேஸ்ட், பிறகு பழையதை அழிப்பது. சரியாக நகர்ந்ததா என்று திரையில் தெரியும் சொல் எண்ணிக்கையே காட்டிக்கொடுக்கும். 240 சொல் கட்டுரையில் 60 சொல் பத்தியை நகர்த்தினால் 300 ஆகி, அழித்ததும் 240க்குத் திரும்ப வேண்டும். 300லேயே நின்றால் பத்தி இரண்டு இடத்தில் இருக்கிறது. 180 என்றால் இரண்டையும் அழித்துவிட்டீர்கள். மற்றபடி எண்ணிக்கையை ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒருமுறை பார்த்தால் போதும், வரிக்கு வரி வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். கட்டுரைக்கான 20 நிமிடத்தில் கடைசி ஒரு நிமிடத்தில் பத்தியை நகர்த்தாதீர்கள். பாதியில் நேரம் முடிந்தால் இரட்டைப் பத்தியோடு போய்விடும், சொல் வரம்பான 300ஐத் தாண்டினால் வடிவத்துக்கான மதிப்பெண்ணும் குறையும். Ctrl குறுக்குவழிகள் எல்லாத் தேர்வு மென்பொருளிலும் வேலை செய்யாது. மாதிரித் தேர்வில் திரைப் பொத்தான்களையும் பழகிக்கொள்ளுங்கள்.