மெனு கார்டு போட்டோவை வச்சு "இதுல கடலை இல்ல"னு சொல்லிட முடியுமா?

கேள்வி: தாய்லாந்து வந்திருக்கோம், மெனுவை போட்டோ எடுத்து ஆப்ல போட்டா 'பப்பாளி சாலட்'னு வருது. அக்கா பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி, வாங்கிக் கொடுக்கலாமா?

அந்த வரியை மட்டும் நம்பி கொடுக்காதீங்க. மெனுல இருக்கறது 'சொம் தம்'. சொம்னா புளிப்பு, தம்னா இடிக்கறது, அவ்வளவுதான் அந்த பேர் சொல்லுது, அதுல பப்பாளிங்கற வார்த்தையே கிடையாது. பச்சை பப்பாளிங்கறது வழக்கமா போடறதுனால ஆப் தானா சேர்த்துக்கிட்டது. 'சொம் தம் தாய்'னு இருந்தா வழக்கமா வறுத்த வேர்க்கடலை, காஞ்ச எறா, மீன் சாஸ் மூணுமே இருக்கும், ஆனா இதுல ஒண்ணு கூட பேர்ல வராது. அதனால யாராவது எங்கிட்ட கேட்டா பேரோட அர்த்தம் இது, வழக்கமா இதெல்லாம் போடுவாங்க, இந்த கடைல என்ன போடறாங்கன்னு சமைக்கறவங்களுக்குத்தான் தெரியும்னு தனித்தனியா பிரிச்சுத்தான் சொல்வேன். மூணையும் ஒண்ணாக்கி 'பப்பாளி, காய்கறி சாலட்'னு சொல்லிட்டா கேக்கறவங்க அதையே முழு லிஸ்டா எடுத்துக்குவாங்க, ஆபத்தே அங்கதான்.

போட்டோவையும் ஒரு தடவை பெருசாக்கி பாருங்க. தாய்லாந்து எழுத்துல கோழிக்கும் முட்டைக்கும் ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம், மத்த குறியெல்லாம் அச்சா அதேதான், லேமினேஷன் மேல லைட் அடிச்சு அந்த எழுத்து மங்கிப்போனா ஆப் எதையாவது ஒண்ணை முடிவு பண்ணி தெளிவா எழுதிக் காட்டிடும், சந்தேகம்னு ஒரு குறி கூட போடாது. கார்டை சாய்ச்சு வெளிச்சம் படாம அந்த ஒரு வரியை மட்டும் கிட்டக்க எடுத்து மறுபடி போடுங்க, ரெண்டு தடவையும் வேற வேற பதில் வந்தா ரெண்டையுமே நம்ப வேண்டாம்.

கடைல கேக்கும்போது ஒரு விஷயம் ரொம்ப கவனம். 'துவா'ன்னா பொதுவா பயறு, பீன்ஸ் எல்லாத்துக்கும் வரும், சொம் தம்ல நீள பீன்ஸும் போடுவாங்க, நீங்க 'துவா வேண்டாம்'னா பீன்ஸை எடுத்துட்டு கடலையை அப்படியே போட்டுட வாய்ப்பிருக்கு. வேர்க்கடலைக்கு 'துவா லிஸோங்'னு முழுசா சொல்லணும், அலர்ஜின்னு சொல்ல 'பே துவா லிஸோங்'. உச்சரிப்பு தப்பினா அர்த்தம் மாறிடும், அதனால ஹோட்டல் ரிசப்ஷன்ல தாய் எழுத்துல எழுதி வாங்கி வச்சுக்கிட்டு நேரா சமைக்கறவங்ககிட்டயே காட்டுங்க.

அவங்க சரி போடலன்னு சொன்னாலும் பையனுக்கு சொம் தம் வேண்டாம்ங்க. முந்தின ஆர்டருக்கு கடலை இடிச்ச அதே உரல்லதான் இதையும் இடிப்பாங்க, ஒட்டியிருக்கற கடலைத்தூள் போட்டோலயும் தெரியாது பேர்லயும் தெரியாது.