ஐந்து பதிவுக்குச் சரி, நானூறுக்குத் தப்பு

கேள்வி: மொரீஷியஸின் எபேனில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கோட் எழுதித் தரும் AI கருவியான கோப்பைலட் துணையோடு வேலை சீக்கிரம் முடிகிறது. ஆனால் ரிவ்யூவில் சீனியர் "இந்த வரி எதற்கு?" என்று கேட்டால் பதில் வருவதில்லை. இந்த ஆண்டு எங்கள் கம்பெனி புதியவர் யாரையும் எடுக்கவில்லை. என் தம்பி அடுத்த வருடம் படிப்பை முடிக்கிறான். நான் தொழில் கற்கிறேனா? அவனுக்கு வேலை கிடைக்குமா?
— வாசகர், ரோஸ் ஹில்

பதில்: கோட் எழுதக் கற்கிறீர்கள். கெட்டுப்போன கோடைக் கண்டுபிடிக்கக் கற்கவில்லை என்பது என் சந்தேகம். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹோட்டல் முன்பதிவுகளை இரவில் டேட்டாபேஸில் சேமித்து, எத்தனை சேர்ந்தன என்று மேலாளருக்கு அறிக்கை அனுப்பும் சின்ன வேலை. கருவி இப்படி எழுதித் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

```js
bookings.forEach(async (b) => {
  await save(b);
});
await sendReport();
```

ஓட்டினால் அறிக்கையில் பூஜ்யம் வருகிறது. அதைக் கருவியிடமே சொன்னால், அறிக்கைக்கு முன் இரண்டு விநாடி காத்திருக்கும் `setTimeout` ஒன்றைச் சேர்த்துத் தரலாம். ஐந்து பதிவுகளோடு சோதித்தால் எல்லாம் சரி. ரிவ்யூவும் தாண்டிவிடும். வாடிக்கையாளரிடம் நானூறு பதிவுகள் வரும் இரவில் அறிக்கை குறைவாகக் காட்டும். காலையில் டேபிளைத் திறந்தால் நானூறும் இருக்கும்! இதுதான் ஆளைக் குழப்பும் இடம்.

காரணம் இது. `await` தான் இருக்கும் உள் ஃபங்ஷனை மட்டுமே நிறுத்தும். `forEach` அந்த ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, அது திருப்பித் தரும் பிராமிஸைக் கண்டுகொள்ளாமல் அடுத்த பதிவுக்குப் போய்விடும். ஆகவே சேமிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அறிக்கை கிளம்புகிறது. `save` முடியும் இடத்தில் ஒரு `console.log`, அறிக்கைக்கு முன் இன்னொன்று போட்டுப் பாருங்கள். இரண்டாவது முதலில் அச்சாகும். திருத்தம் சிறியது:

```js
for (const b of bookings) {
  await save(b);
}
await sendReport();
```

வேகம் வேண்டுமென்றால் `Promise.all` உண்டு. ஆனால் நானூறையும் ஒரே நேரத்தில் அனுப்பினால் டேட்டாபேஸின் இணைப்பு வரம்பில் முட்டலாம். அப்போது சிறு தொகுதிகளாகப் பிரிக்க வேண்டியிருக்கும். இரண்டு விநாடித் திருத்தத்தைப் பார்த்ததும் "இது நோயைத் தீர்க்கவில்லை, மறைக்கிறது" என்று தோன்ற வேண்டும். அந்தச் சந்தேகம், இப்படிப்பட்ட பிழையில் ஒரு மதியம் முழுக்கத் தானே மாட்டிக்கொண்டவருக்குத்தான் வரும். உங்கள் கருவி அந்த மதியத்தை மிச்சப்படுத்திவிடுகிறது.

இதை ஓர் ஆய்வும் காட்டுகிறது. கோடிங் கருவி விற்கும் ஆந்த்ரோபிக் நிறுவனமே 2026 தொடக்கத்தில் வெளியிட்டது. பெரும்பாலும் ஜூனியர்களான 52 பேருக்குத் தெரியாத ஒரு பைத்தான் லைப்ரரியைக் கொடுத்து வேலை செய்யச் சொல்லி, பிறகு தேர்வு வைத்தார்கள். கருவியோடு செய்தவர்கள் சராசரியாக 50 சதவீதம், கையால் எழுதியவர்கள் 67. பெரிய இடைவெளி பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில்தான் இருந்தது. வேகத்திலோ சொல்லும்படியான வித்தியாசமில்லை. கருவி வைத்திருந்தவர்களிலும், வேலையை ஒப்படைத்துவிடாமல் "இது ஏன் இப்படி?" என்று கேட்டவர்கள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆகவே கோப்பைலட்டை மூடிவிடச் சொல்ல மாட்டேன். பிழை வந்தால் முதல் அரை மணி நேரம் அதனிடம் போகாதீர்கள். லாக் போடுங்கள், காரணத்தை ஊகித்து ஒரு வரியில் எழுதுங்கள், பிறகு கேளுங்கள்.

தம்பி விஷயம் கொஞ்சம் கடினம். அமெரிக்காவின் சம்பளப் பட்டியல்களை ஆராய்ந்த ஸ்டான்ஃபோர்ட் குழு 2025இல் சொன்னது: 22 முதல் 25 வயது வரையுள்ள மென்பொருள் பணியாளர்களின் எண்ணிக்கை, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருக்கிறது. மூத்தவர்களுக்கு அப்படி இல்லை. பழியை முழுக்கக் கருவி மேல் போட முடியாது. அதே காலத்தில்தான் வட்டி ஏறியது, கொரோனாவில் அள்ளி எடுத்த ஆட்களைக் கம்பெனிகள் வெளியே அனுப்பின. ஆனாலும் ஃபாரம் திருத்துவது, டெஸ்ட் எழுதுவது போன்ற ஜூனியர் வேலைகள்தான் கருவிக்கு முதலில் கைமாறுகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக மணிக்கணக்கில் பில் போடும் எபேன் கம்பெனிகளுக்கு இது நேராகவே உறைக்கும். சீனியரை யார் வளர்ப்பார்கள் என்று அவர்கள் இன்னும் யோசிக்கத் தொடங்கவில்லை என்பது என் எரிச்சல்.

நான் இன்டர்வியூ எடுத்தால், வீட்டில் செய்து கொண்டுவந்த கோடை வைத்து மதிப்பெண் போட மாட்டேன். மேலே உள்ள முதல் துண்டைக் கொடுத்து, "அறிக்கை ஏன் தப்பு?" என்றுதான் கேட்பேன். உங்கள் தம்பியிடம் இன்றைக்கே அதைக் காட்டுங்கள், விடையை மறைத்துவிட்டு.