ஒற்றை வரிக்கு எவ்வளவு, இருபது வரிக்கு எவ்வளவு?

வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதே பல வருடமாக என் வேலை. பதில் எவ்வளவு நீளமாக, எந்தத் தொனியில் இருக்க வேண்டும் என்று வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே.

"வேலைக்குப் புதுசு. ரெண்டு வரியில கேட்டா ரெண்டு வரி, இருபது வரின்னா இருபது வரின்னு எழுதுறேன். சரிதானே?"

பாதி சரி. வரிகளை எண்ணாதீர்கள், அதற்குள் எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்று பாருங்கள். "பார்சல் வரல, எப்ப வரும்?" என்பவருக்கு, "நாளை மாலைக்குள் வந்துவிடும். தாமதத்துக்கு மன்னிக்கவும்" என்பதே போதும். அதற்கு மேல் எழுதினால் தேதி உள்ளே புதைந்துபோகும், அவர் மறுபடி அதையே கேட்பார். அப்படி இரண்டாவது முறை கேட்டு வந்தால், நம் பதில் நீண்டுவிட்டது என்று பொருள்.

நீளமான கடிதம் வேறு மாதிரி. ஒரு அம்மா, இறந்துபோன தன் கணவரின் புகைப்பட ஆல்பம் அச்சாகி வராததைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அதில் கேள்வி ஒன்றுதான், அதுவும் கடைசிக்குப் பக்கத்தில்: "திவசத்துக்குள் கிடைக்குமா?" நான் முதலில் எழுதியது: "புதன்கிழமை அனுப்பப்படும்." அவரிடமிருந்து வந்தது ஒரே சொல்: "சரி." ஒரு பக்கம் எழுதியவர் ஒரு சொல்லுக்குச் சுருங்கியதும்தான் தவறு புரிந்தது. மறுபடி எழுதினேன்: "அம்மா, ஐயாவின் படங்கள் திவசத்துக்கு முன் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பது புரிகிறது. புதன் அனுப்புகிறோம், வெள்ளிக்குள் வந்து சேரும். அன்று வராவிட்டால் எனக்கே எழுதுங்கள்." மூன்றே வாக்கியம். அவர் சொன்னதில் ஒன்றை எடுத்துத் திருப்பிச் சொன்னதில்தான் அன்பு இருந்தது, நீளத்தில் இல்லை.

"அப்போ அவங்க ஸ்மைலி போட்டா நாமும் போடணும், எழுத்துப்பிழையா எழுதினா நாமும் அப்படியே எழுதணுமா?"

வேண்டாம். அவர் "ஹாய்" என்றால் நாமும் "ஹாய்" சொல்லலாம், "வணக்கம் ஐயா" என்றால் அதே மரியாதை. பிழையையும் கொச்சையையும் பின்பற்றினால் கேலி செய்வதாகத் தோன்றும். கோபத்துக்கும் இதே விதி. கோபத்தின் அவசரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சூட்டை விட்டுவிடுங்கள். "உடனே பார்க்கிறேன்" என்பதுதான் அதற்கு ஈடு. பாசமாக எழுதியவருக்கு ஒரு படி குறைவான பாசத்தில் தொடங்குவது என் வழக்கம். ஏறுவது எளிது, இறங்கினால் உறைக்கும்.

"எத்தனை மணி நேரத்துக்குள்ள பதில் போடணும்?"

அது வேகம், வேறு விஷயம். விடை தயாராக இல்லாவிட்டால், எப்போது தருவீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

"எங்க அண்ணன் எதுக்கும் 'ம்'னுதான் பதில் போடுவார். நானும் 'ம்' போட ஆரம்பிச்சேன், இப்ப பேச்சே நின்னுபோச்சு."

வேலைக் கடிதத்தின் அளவுகோல் வீட்டுக்குப் பொருந்தாது. சிலருக்கு "ம்" என்பது "படித்தேன், இருக்கிறேன்" என்று பொருள். நீங்கள் முன்பு எழுதியபடியே எழுதிப் பாருங்கள். அவர் எழுத்தில் சுருக்கமா, மனத்திலும் சுருங்கிவிட்டாரா என்பது நேரில் பேசும் விதத்தில்தான் தெரியும்.

"ஒரு வரிதான், ஆனா 'அப்பா போயிட்டார், ஆர்டரை நிறுத்துங்க'ன்னு வந்தா?"

சுருக்கமாகவே எழுதுங்கள், ஆனால் முதல் வாக்கியம் அப்பாவைப் பற்றி, இரண்டாவது "நிறுத்திவிட்டோம், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை." மூன்றாவதாக ஆறுதல் சொல்லலாமா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நான் எழுதுவதில்லை.