மூன்று மிதவைக்கு ஒரு மெஜாரிட்டி வோட்டர்: எத்தனை கேட் போதும்?

கேள்வி: தொண்டி பக்கம் இறால் பண்ணை. கடல்தண்ணீர் ஏற்றும் தொட்டியில் மிதவை சுவிட்ச் அடிக்கடி சிக்கிக்கொண்டு தண்ணீர் வழிகிறது. மூன்று மிதவை போட்டு, இரண்டு சொல்வதைக் கேட்கிற மாதிரி சர்க்கியூட் செய்ய முடியுமா? எத்தனை கேட் ஆகும்?

பதில்:

செய்யலாம், இப்படி இரண்டு சொல்வதைக் கேட்கும் சர்க்கியூட்டுக்கு மெஜாரிட்டி வோட்டர் என்று பெயர்; நான்கு நாண்ட் கேட் போதும். ஆனால் கேட்டை எண்ணுவதற்கு முன்னால், 1 வந்தால் என்ன அர்த்தம் என்பதை முடிவு பண்ணிவிடுங்கள். நம் கரையில் முதலில் கெடுவது கேட் அல்ல, வயர் முனைதான்.

மிதவைகளை A, B, C என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் இடம் இருக்கும்வரை ஒவ்வொன்றும் மூடியிருந்து 12 வோல்ட் தர வேண்டும்; நிரம்பினால் திறக்க வேண்டும். ஒவ்வொரு இன்புட்டிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். இப்போது வயர் அறுந்தாலும், முனை உப்பில் அரித்துப் போனாலும் அந்த இன்புட் 0, அதாவது ‘நிறுத்து’ பக்கம் சாயும். பலர் 10 கிலோ ஓம் போடுவார்கள். நான் 2.2 கிலோ ஓம்தான் போடுவேன். உப்புக்காற்றில் காண்டாக்ட் மேல் படியும் படலத்தை 1 மில்லி ஆம்பியர் சில சமயம் தாண்டுவதில்லை. 5 மில்லி ஆம்பியர் போனால் தேவலை.

அப்புறம் ட்ரூத் டேபிள். எட்டு வரிசையில் 011, 101, 110, 111 ஆகிய நான்கில் மட்டும் மோட்டார் ஓட வேண்டும். அப்படியே கட்டினால் மூன்று இன்புட் ஆண்ட் நான்கு, இன்வெர்ட்டர் மூன்று, மேலே ஒரு பெரிய ஆர். கார்னா மேப்பில் பார்த்தால் 111 என்ற கட்டம் மற்ற மூன்றுக்கும் பக்கத்து வீடு. ஒரே கட்டத்தை எத்தனை ஜோடியில் வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்பதால் மூன்று ஜோடி கிடைக்கும். மோட்டாரை ஓட்டும் அவுட்புட்டை V என்போம்:

```
V = AB + BC + CA
  = ((AB)' (BC)' (CA)')'
```

இரண்டாவது வரி முழுக்க நாண்ட். இரண்டு இன்புட் கேட் மூன்று, மூன்று இன்புட் கேட் ஒன்று. 4023 ஐசியில் மூன்று இன்புட் நாண்ட் மூன்று இருக்கிறது. அதையே இரண்டு வாங்கிவிடுங்கள். மிஞ்சும் இன்புட்டைப் பக்கத்து இன்புட்டோடு சேர்த்துவிடலாம், பயன்படாத கேட்டின் இன்புட்டைக் கிரவுண்டில் கட்டலாம். அந்தரத்தில் விட்டால் ஐசி தாறுமாறாக நடக்கும். மாற்று ஐசி ஒரே ரகம் என்பதால் பெட்டியில் ஒன்று போட்டு வைத்தால் போதும். அவுட்புட் நேராக கான்டாக்டரை இழுக்காது. நடுவில் டிரான்சிஸ்டரும் ரிலேயும் வேண்டும்.

ஃபுல் ஆடர் படித்தவர்கள் AB + C(A⊕B) என்று போட ஆசைப்படுவார்கள். ⊕ என்பது எக்ஸார், இரண்டு இன்புட்டும் வேறுபட்டால் மட்டும் 1 தரும். கணக்கு சரிதான். ஆனால் A, C இரண்டும் 1 ஆக இருக்கும்போது B மாறினால், ஒரு பாதை அணைந்து மற்றது எழுவதற்குள் அவுட்புட் ஒரு நொடிப்பொழுதுக்கு 0-வைத் தொட்டுவிடும். பின்னால் லாட்ச் இருந்தால் அது மாட்டிக்கொள்ளும். AB + BC + CA-வில் CA அசையாமல் நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை.

சரி, A பாசியும் சிப்பியும் ஒட்டிக் கீழேயே சிக்கிவிட்டது, எப்போதும் 1 என்கிறது. தொட்டி நிரம்புகிறது; B = 0, C = 0, V = 0, மோட்டார் நிற்கிறது. தண்ணீர் வழியவில்லை. இங்கேதான் வோட்டரின் வில்லங்கம்: பழுதானது யாருக்கும் தெரியாது. பிறகு B-யும் அப்படியே சிக்கினால் V எப்போதும் 1. தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும், மூன்று மிதவை போட்டும் பயனில்லை.

அதனால் A⊕V, B⊕V, C⊕V என்று மூன்று எக்ஸார் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு வையுங்கள். ஒரு 4070 ஐசியில் முடிந்துவிடும். ஆனால் தொட்டி காலியானதும் மூன்றும் 1 ஆகி A-வின் விளக்கு தானாக அணைந்துவிடும். காலையில் வந்து பார்ப்பவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எனவே விளக்கை லாட்ச் மூலம் பிடித்து வைக்க வேண்டும், கையால்தான் அணைக்க முடிய வேண்டும். மூன்று மிதவையும் ஒரே கணத்தில் திரும்பாது, அலையில் முன்பின் ஆகும். வேறுபாடு பத்து விநாடி நீடித்தால் மட்டும் லாட்ச் பிடிக்கட்டும்.

மூன்றையும் ஒரே குழாய்க்குள் தொங்கவிடாதீர்கள். ஒரு குழாய் அடைத்தால் மூன்றும் சேர்ந்து பொய் சொல்லும், வோட்டர் அதை உண்மை என்றே எடுத்துக்கொள்ளும். மோட்டார் ஓடும்போது A-வை மட்டும் கையால் தூக்கிப் பாருங்கள்: மோட்டார் நிற்கக் கூடாது, பத்து விநாடியில் A விளக்கு எரிய வேண்டும். B-யையும் சேர்த்துத் தூக்கினால் மோட்டார் நிற்க வேண்டும். இதே மாதிரி B–C, C–A ஜோடிகளையும் பார்த்துவிடுங்கள்.