வயர்லெஸ் மவுஸ் ஏன் நின்று நின்று நகர்கிறது? கேள்வி-பதில்

மவுஸ் திக்குகிறது என்று பல விதமாகக் கேள்விகள் வந்திருக்கின்றன. பாதிப் பேர் ஏற்கெனவே புது மவுஸ் வாங்கிவிட்டு, அதுவும் அப்படியே திக்குவதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலான மவுஸ்களில் கோளாறே இருப்பதில்லை. ரிசீவர் இருக்கும் இடம், செல், மேஜை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாணப் படங்களை லேப்டாப்பிலிருந்து வெளி ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்யும்போது மட்டும் மவுஸ் நின்று நின்று போகிறது. லேப்டாப்பின் ராம் போதவில்லையா?

ராமுக்குச் செலவு செய்வதற்கு முன் ஒரு சோதனை. காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே டச்பேடில் விரலை வைத்து கர்சரை நகர்த்திப் பாருங்கள். அது தடையில்லாமல் ஓடினால் லேப்டாப்பின் மேல் குற்றம் இல்லை. மவுஸுக்கும் ரிசீவருக்கும் நடுவில்தான் சிக்கல்.

உங்கள் மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரிசீவரோடு பேசுகிறது. சாதாரண மவுஸ் நகரும்போது நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லி நொடிக்கு ஒரு முறை, 'இவ்வளவு தூரம் நகர்ந்தேன்' என்று தகவல் அனுப்பும். செல் நீண்ட நாள் வர வேண்டும் என்பதால் அதன் ஒலிபரப்பு சக்தி மிகக் குறைவு, ஏறக்குறைய ஒரு மில்லிவாட். ஹார்ட் டிஸ்க் ஓடும் யு.எஸ்.பி. 3.0 இணைப்போ நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவைத் தள்ளுகிறது. அந்த வேகத்தில் ஓடும் மின் சிக்னலின் இரைச்சல் அகலமாகப் பரவி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையும் மூடிவிடும். பிளக், கேபிள், டிஸ்க்கின் உறை எல்லாவற்றின் வழியாகவும் அது வெளியே கசிகிறது. கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதிர் வரிசையில் இருப்பவர் முணுமுணுப்பதைக் கேட்க முயல்வது போன்ற நிலைதான் அந்த ரிசீவருக்கு.

இது ஊகம் அல்ல. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கை வெளியிட்டது. யு.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கை இணைத்ததும் அதன் அருகில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியின் இரைச்சல் சுமார் 20 டெசிபல் உயர்ந்ததாக அதில் காட்டினார்கள். 20 டெசிபல் என்றால் சக்தியில் நூறு மடங்கு. டிஸ்க்கின் சிக்னலே அந்தப் பகுதியில் இருப்பதால், அதை வடிகட்டி எடுத்துவிடவும் முடியாது. அதனால்தான் டிரைவரை அப்டேட் செய்வது, விண்டோஸை மறுபடி நிறுவுவது எதுவும் இங்கே பலிப்பதில்லை.

உங்கள் லேப்டாப்பில் இடது பக்கம் இரண்டு போர்ட்கள் அடுத்தடுத்து இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் ரிசீவர், இன்னொன்றில் டிஸ்க். இரண்டுக்கும் இடைவெளி ஓர் விரல் அகலம்கூட இருக்காது. மவுஸோ வலது கையில், லேப்டாப்பின் மறுபுறத்தில். அதாவது இரைச்சல் ஒட்டி இருக்கிறது, மவுஸ் எட்டி இருக்கிறது. ரிசீவரை வலது பக்கப் போர்ட்டுக்கு மாற்றுங்கள், இரண்டு குறைகளும் ஒரே நேரத்தில் தீரும். வலது பக்கம் போர்ட் இல்லையென்றால் ஒரு மீட்டர் யு.எஸ்.பி. 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, ரிசீவரை அதன் முனையில் மாட்டி, மவுஸ் பேடின் ஓரத்தில் வையுங்கள். ரிசீவருக்கு 2.0 தாராளமாகப் போதும், 3.0 கேபிள் தேவையே இல்லை. அப்புறம் ஒன்று: டிஸ்க்கின் கேபிளும் இந்தக் கேபிளும் பின்னிக் கிடக்கக் கூடாது, டிஸ்க்கையும் ரிசீவர் பக்கம் வைக்கக் கூடாது. நிறையப் பேர் ரிசீவரை நகர்த்திவிட்டு டிஸ்க்கை அதன் பக்கத்திலேயே படுக்க வைத்துவிடுகிறார்கள்.

டெஸ்க்டாப் வைத்திருக்கிறேன். ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை. ஆனாலும் திக்குகிறது. ரிசீவர் கேபினெட்டின் பின்னால், மேஜைக்குக் கீழே இருக்கிறது.

அந்த இடம்தான் காரணமாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இரும்புத் தகட்டை ஊடுருவாது, உடம்பில் இருக்கும் நீரும் அதை உறிஞ்சிக்கொள்ளும். உங்கள் மவுஸின் சிக்னல் மேஜையைத் தாண்டி, உங்கள் காலைத் தாண்டி, கேபினெட்டின் முதுகுப் பக்கம் சுற்றிப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. சுவரில் மோதித் திரும்பும் அலையால்தான் இப்போது ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது. மேஜை ஸ்டீலாக இருந்தால் இன்னும் மோசம்.

இங்கும் எக்ஸ்டென்ஷன் கேபிள்தான் பதில், ரிசீவர் மேஜைக்கு மேலே வரட்டும். தூரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு: தடையில்லாத இடத்தில் 80 சென்டிமீட்டரை 20 ஆக்கினால், தூரம் நான்கில் ஒன்றாகிறது, ரிசீவருக்குக் கிடைக்கும் சக்தி பதினாறு மடங்காகிறது. இதே பலனை எந்த விலை மவுஸும் தராது.

கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் மாட்டலாமா என்றால், மாட்டலாம். ஆனால் நீல நிறத்தில் இருப்பது பெரும்பாலும் யு.எஸ்.பி. 3.0. அதன் பக்கத்துப் போர்ட்டில் பென் டிரைவ் செருகியதும் பழைய கதை ஆரம்பித்துவிடும். கறுப்பு நிறப் போர்ட் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

செல் புதிதாகத்தான் போட்டேன். மீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறது. ஆனால் மவுஸ் சற்று நேரம் சரியாக ஓடி, திடீரென்று அணைந்து மறுபடி வருகிறது.

மீட்டர் காட்டுவது செல் சும்மா இருக்கும்போதுள்ள வோல்டேஜ். மவுஸ் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் எடுப்பதில்லை. சும்மா இருக்கும்போது மிகக் கொஞ்சம் எடுக்கும். நகரும்போது அடியில் இருக்கும் விளக்கும் ரேடியோவும் சேர்ந்து இழுக்கும். செல்லின் உள்மின்தடை அதிகமாகிவிட்டால் அந்த ஒரு கணத்தில் வோல்டேஜ் சட்டென்று சரியும். சரிவு எல்லையைத் தாண்டினால் மவுஸின் சிப் ரீசெட் ஆகி, மறுபடி ரிசீவரோடு இணைய வேண்டும். நீங்கள் பார்க்கும் அணைந்து வருதல் இதுதான். ரேடியோ இரைச்சலால் வரும் திக்கல் இப்படி இருக்காது, அதில் கர்சர் குட்டிக் குட்டியாகத் தடுக்கும், மவுஸ் முழுவதுமாக அணையாது.

பெட்டிக் கடையில் கிடைக்கும் மலிவான சிங்க்-கார்பன் செல்களில் உள்மின்தடை தொடக்கத்திலேயே அதிகம், வாங்கிய அன்றே அவை புதிதாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஆல்கலைன் செல் போட்டுப் பாருங்கள். இரண்டு செல் மவுஸ் என்றால் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். ஒன்று பழசு, ஒன்று புதிசு என்று கலப்பது வேண்டாம்.

ஆனால் செல்லை மாற்றும் முன் அதை இருந்த இடத்திலேயே விரலால் நாலைந்து முறை உருட்டிப் பாருங்கள். உடனே சரியானால், செல் நன்றாகத்தான் இருக்கிறது, ஸ்பிரிங்கும் தகடும்தான் கறுத்திருக்கின்றன. பென்சில் அழிப்பானால் அவற்றைத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடுங்கள். வெள்ளைப் பொடி படிந்திருந்தால் முன்பு போட்ட ஆல்கலைன் செல் ஒழுகியிருக்கிறது. பஞ்சில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு மெதுவாகத் துடைத்து, பிறகு ஈரப் பஞ்சால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிட்டுத்தான் செல் போட வேண்டும். பொடியைக் கையால் தொட வேண்டாம்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல் பயன்படுத்துகிறவர்களுக்கு: அதன் இயல்பான வோல்டேஜே 1.2 தான். அதனால் சில மவுஸ்கள் முழு சார்ஜ் இருக்கும்போதும் 'பேட்டரி குறைவு' என்று காட்டும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

அரசு அலுவலகத்தில் வேலை. மேஜை மேல் பச்சைத் துணி விரித்து, அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியைத் துடைத்த அன்று மவுஸ் இன்னும் மோசமாகிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லை. நீங்கள் கவனித்தது முற்றிலும் சரி.

மவுஸின் அடியில் இருப்பது ஒரு குட்டி கேமரா. பக்கத்துக்கு இருபது முப்பது புள்ளிகள் மட்டும் கொண்ட படத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து, முந்தைய படத்தோடு அடுத்த படத்தை ஒப்பிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. விளக்கு சாய்வாக விழுவதால் பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களின் நிழல் படத்தில் தெரியும். ஒப்பிட அந்த நிழல்தான் பிடி.

சுத்தமான கண்ணாடியில் நிழலே இல்லை, ஒளி உள்ளே போய்விடும் அல்லது வேறு திசையில் தெறித்துவிடும். அடியில் இருக்கும் பச்சைத் துணியில் வேண்டிய அளவு நெசவு இருந்தும் பயனில்லை. மவுஸின் லென்ஸ் தன்னிடமிருந்து ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டரில் இருக்கும் பரப்பைத் தெளிவாகப் பார்க்கும்படி அமைக்கப்பட்டது. அதற்கும் கீழே, இன்னும் நாலைந்து மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் துணி அதற்கு மங்கலாகத்தான் தெரியும். தூசியும் விரல் தடமும் படிந்த கண்ணாடியில் கேமராவுக்குக் கொஞ்சமாவது பிடி கிடைக்கிறது. துடைத்ததும் அதுவும் போய்விடுகிறது.

ஒரு வெள்ளை ஏ4 தாளைக் கண்ணாடி மேல் வைத்து, அதன் மேல் மவுஸை ஓட்டுங்கள். காகித நார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மவுஸுக்கு நன்றாகத் தெரியும். திக்கல் நின்றால் துணி மவுஸ் பேட் ஒன்று போதும். பளபளப்பான காலண்டர் அட்டையை மட்டும் பேடாக வைக்காதீர்கள், அதுவும் கண்ணாடி மாதிரியே ஒளியைத் தெறிக்கும்.

பரப்பில்தான் கோளாறு என்பதை இன்னொரு விதத்திலும் கண்டுபிடிக்கலாம். மவுஸைத் தொடாமல் விட்டாலும் கர்சர் நடுங்கினால், அல்லது நேராக இழுக்கும்போது சம்பந்தமில்லாத திசையில் தாவினால், அது கேமராவின் குழப்பம். தாளிலும் நடுங்கினால் மவுஸைத் திருப்பி, லென்ஸ் குழியில் தலைமுடியோ பஞ்சு நூலோ சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

என்னுடையது புளூடூத் மவுஸ், ரிசீவரே கிடையாது. யூடியூப் ஓடும்போது திக்குகிறது.

லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே கார்டில் இருக்கும், ஆன்டெனாவையும் பகிர்ந்துகொள்ளும். வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் இரண்டும் முறை வைத்துத்தான் பேச முடியும். உங்கள் ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றுங்கள். அநேகமாக அதோடு தீர்ந்துவிடும்.

தொடர்ந்து பயன்படுத்தும்போது பிரச்சினை இல்லை. சற்று நேரம் விட்டுவிட்டுத் தொட்டால்தான் முதல் ஒரு நொடி அசையாது.

அது மவுஸ் தூங்கி எழும் நேரம். செல்லை மிச்சப்படுத்த அப்படித்தான் செய்வார்கள். ஒரு கிளிக் செய்துவிட்டு நகர்த்தினால் போதும். ஒரு நொடியையும் தாண்டி நீண்டால் விண்டோஸ் அந்த போர்ட்டையே தூங்க வைத்திருக்கலாம். Device Manager திறந்து, Universal Serial Bus controllers என்பதன் கீழ் உள்ள USB Root Hub ஒவ்வொன்றிலும் Power Management பக்கத்துக்குப் போய், Allow the computer to turn off this device to save power என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். லேப்டாப் பேட்டரி இதனால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கலாம். பலன் தெரியவில்லையென்றால் டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.