ரன்னிங் அடி விலைக்குள் என்னென்ன அடங்கும்? மாடுலர் கிச்சன் கேள்வி-பதில்

கோவை வாசகர்: எங்கள் புதிய ஃபிளாட்டில் ‘எல்’ வடிவச் சமையலறை. ஒரு சுவர் 10 அடி, மற்றது 8 அடி. ஒருவர் ரன்னிங் அடிக்கு 5,800 ரூபாய் சொல்கிறார், இன்னொருவர் 8,400 கேட்கிறார். இருவரும் பிளைவுட் என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவு வித்தியாசம் ஏன்? இரண்டு கொட்டேஷனையும் அனுப்பியிருக்கிறேன்.

ரன்னிங் அடி என்பது சுவரின் நீளத்தை மட்டும் சொல்கிறது. அந்த ஓர் அடி நீளத்தில் தரையிலிருந்து மேலே வரை என்னென்ன வைக்கிறார்கள் என்பதை அது சொல்வதில்லை. கீழ் கேபினட் மட்டுமா, மேல் கேபினட்டும் உண்டா, லாஃப்ட் கதவு சேர்ந்ததா, கிரானைட் யார் பொறுப்பு என்று எழுதி வாங்காதவரை இரண்டு விலைகளையும் ஒப்பிடவே முடியாது. ஆகவே உங்கள் இரண்டு தாள்களையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் தாளில் 10-ஐயும் 8-ஐயும் கூட்டி 18 அடி என்று போட்டிருக்கிறார். 5,800 வீதம் 1,04,400 ரூபாய். இதில் கீழ், மேல் கேபினட்களும் கம்பிக் கூடைகளும் சாதாரணக் கீல்களும் அடக்கம். ஜிஎஸ்டி தனி, லாஃப்ட் கதவு தனி. இரண்டாவது தாளில் 16 அடி. 8,400 வீதம் 1,34,400 ரூபாய். அதில் லாஃப்ட் கதவு, மெதுவாக மூடும் கீல்கள், அடியில் மறைந்திருக்கும் சேனலில் ஓடும் நான்கு டேண்டம் டிராயர்கள், ஜிஎஸ்டி எல்லாமே சேர்ந்திருக்கின்றன. கிரானைட்டும் சிம்னியும் இரண்டிலும் இல்லை.

முதலாமவர் அதே பொருட்களைத் தந்தால் என்ன ஆகும்? விலைகள் அவர் தாளின் பின்பக்கத்திலேயே இருக்கின்றன. லாஃப்ட் கதவு 20 சதுர அடி, 650 வீதம் 13,000. நான்கு டிராயர்களை டேண்டமாக மாற்ற, ஒன்றுக்கு 3,500 கூடுதல், மொத்தம் 14,000. பதினான்கு கதவுகளுக்கு 28 கீல்கள், ஒவ்வொன்றுக்கும் 120 கூடுதல் என்றால் 3,360. எல்லாம் சேர்த்து 1,34,760. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி ஏறினால் 1,59,017 ரூபாய். மலிவாகத் தெரிந்தவர்தான் உங்களிடம் ஏறக்குறைய 25 ஆயிரம் ரூபாய் அதிகம் கேட்கிறார்.

இதில் 18 அடி என்பதும் சரியில்லை. கீழ் கேபினட்டின் ஆழம் 2 அடி. இரண்டு சுவர்களும் சந்திக்கும் மூலையை இரண்டு பக்கத்திலும் அளந்தால் அந்த 2 அடி இருமுறை கணக்கில் ஏறுகிறது. 10 அடிச் சுவரை முழுதாக எடுத்துக்கொண்டால் மறு சுவரில் 6 அடிதான் மிச்சம். 16 அடி என்று போட்ட இரண்டாமவரின் அளவே சரி.

அவரிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் 8 அடிச் சுவரில், சிங்க்குக்கு மேலே 4 அடி ஜன்னல் இருக்கிறது. அடுப்புக்கு மேலே 2 அடி சிம்னிக்குப் போய்விடும். மேல் கேபினட்டின் ஆழம் ஓர் அடிதான் என்பதால் மூலைக்கு ஓர் அடியைக் கழித்துக்கொள்ளலாம். அப்படியானால் பெரிய சுவரில் 8 அடி, சின்னச் சுவரில் 3 அடி, ஆக 11 அடிதான் உண்மையில் மேல் கேபினட் வருகிறது. ஆனால் நீங்கள் மேல் கேபினட்டுக்கும் முழு 16 அடிக்குப் பணம் தருகிறீர்கள். கீழ் கேபினட்டுக்கு ஒரு விலை, மேல் கேபினட்டுக்கு ஒரு விலை என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். மேல் கேபினட்டின் ஆழம் பாதிதான், டிராயர்களும் கிடையாது. அதன் விலை கீழ் கேபினட்டை விடத் தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும். பிரித்துத் தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

மதுரை வாசகி: வீடு கட்டும்போதே கடப்பா கல் வைத்துத் தடுப்புகளும் மேடையும் கட்டிவிட்டார்கள். கதவு மட்டும் போட்டால் போதும். அதற்கும் முழு ரன்னிங் அடி விலை சொல்கிறார்கள். நியாயமா அம்மா?

நியாயமில்லை. மாடுலர் கிச்சனில் பெட்டிக்குத்தான் மரம் அதிகம் போகிறது. அந்தப் பெட்டியின் வேலையை உங்கள் வீட்டில் கடப்பா கல்லே செய்கிறது. நீங்கள் கொடுக்க வேண்டியது கதவின் சதுர அடிக்கும், கதவு மாட்டும் சட்டத்துக்கும், உள்ளே வரும் டிராயர்களுக்கும் மட்டுமே. கதவின் நீளத்தை உயரத்தால் பெருக்கிச் சதுர அடிக் கணக்கில் விலை பேசுங்கள்.

டிராயர் வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். கல்லில் டிராயர் ஓடும் சேனலை நேரடியாக நன்றாகப் பொருத்த முடியாது. இரண்டு பக்கமும் 18 மி.மீ. பிளைவுட் பலகை வைத்து, அதில்தான் சேனல் மாட்டுவார்கள். அதிலேயே 36 மி.மீ. அகலம் போய்விடும். கல் தடுப்புகள் தூக்குக்குண்டு பிடித்தாற்போல் நேராக நிற்பதும் அபூர்வம். மேலே 20 அங்குலம் இருக்கும், அடியில் 19½ ஆகியிருக்கும். ஒவ்வொரு அறையையும் மேல், நடு, அடி என மூன்று இடத்தில் அளந்து, அவற்றில் குறைந்த அளவுக்கே டிராயரை வாங்க வேண்டும். ஆசாரி ஓர் இடத்தில் மட்டும் டேப் பிடித்துவிட்டுக் கிளம்பினால் திரும்பக் கூப்பிடுங்கள்.

திருச்சி வாசகர்: ‘710 பிளைவுட்’ என்று எழுதித் தருகிறார்கள். லேமினேட் ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது என்னவென்று எப்படித் தெரியும்?

ஒட்டிய பிறகு தெரியாது. அதனால்தான் பலகை வந்து இறங்கும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஐஎஸ் 710 என்பது கொதிநீரையும் தாங்கும் மரைன் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். ஐஎஸ் 303 என்பது அதற்கு ஒரு படி கீழே. அதிலேயே ஈரத்தை ஓரளவு தாங்கும் வகையும் உண்டு, சாதாரண வகையும் உண்டு. பலகையில் ஐஎஸ்ஐ முத்திரையோடு தர எண்ணும் ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் எந்த நிறுவனத்தின் உரிமம் என்று காட்டிவிடும். முத்திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா இடத்துக்கும் 710 வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கீழ் கேபினட்டுக்கு, அதிலும் சிங்க்குக்கு அடியில், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. மேல் கேபினட்டுக்கு 303-இல் ஈரம் தாங்கும் வகை போதும். பலகை நன்றாக இருந்தும் கேபினட் உப்பிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் வெட்டிய ஓரங்கள். சிங்க் குழாய்க்காகப் போட்ட துளையின் ஓரமும், சுவரைப் பார்த்த பின்பக்க ஓரமும் எட்ஜ் பேண்ட் பட்டையோ சீலன்ட் பசையோ இல்லாமல் பச்சையாக விடப்பட்டிருக்கும். தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். வேலை முடிந்ததும் சிங்க் கதவைத் திறந்து, குழாய் நுழையும் துளையைச் சுற்றி விரலை ஓட்டிப் பாருங்கள். மர நார் கையில் பட்டால், பாக்கிப் பணத்தைத் தருவதற்கு முன் அதை அடைக்கச் சொல்லுங்கள்.

சேலம் வாசகர்: கூடைகள் 304 ஸ்டீல் என்கிறார்கள். காந்தம் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. நம்பலாமா?

காந்தம் ஒட்டாததை மட்டும் வைத்து நம்ப வேண்டாம். விலை குறைந்த 202 வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஸ்டீல் கடைகளில் ஒரு சோதனைத் திரவம் வைத்திருப்பார்கள். ஒரு சொட்டு விட்டால் 202 நிறம் மாறிக் காட்டிக்கொடுத்துவிடும். கூடை வாங்கும் கடையிலேயே அதைச் செய்யச் சொல்லுங்கள், பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள்.

கோவை வாசகரே மீண்டும்: மேடைக்குக் கிரானைட்டையும் ரன்னிங் அடியில் சொல்கிறார்கள். சரியா?

கல் சதுர அடியில் விற்கும் பொருள். உங்கள் மேடை 10 அடிக்கு 2 அடி, 6 அடிக்கு 2 அடி, ஆக 32 சதுர அடி. மூலையை இருமுறை அளந்தால் 36 ஆகிவிடும். ரன்னிங் அடியில் வர வேண்டியது முன் விளிம்பை உருட்டிப் பாலிஷ் போடும் கூலி மட்டும்தான். சிங்க்குக்கும் அடுப்புக்கும் துளை வெட்டும் கூலி எவ்வளவு, வெட்டுச் சேதாரம் யார் தலையில் என்பதை முன்பே பேசிவிடுங்கள்.

20 மி.மீ. கிரானைட் சதுர அடிக்கு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். உங்கள் மேடைக்கு 160 கிலோ. கேபினட்டை மட்டம் பார்த்து நிறுத்திய பிறகே கல் ஏற வேண்டும். அடுப்புத் துளைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் குறுகிய பட்டைதான் முதலில் விரிசல் விடும் இடம். கல்லின் இணைப்பு அங்கே வராதபடி வெட்டும் முன்னரே சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சென்னை வாசகி: கிச்சன் செய்தால் சிம்னி இலவசம் என்கிறார்கள். 60 செ.மீ. சிம்னி, எங்கள் அடுப்பு 75 செ.மீ. குழாய் வெளியே போக 12 அடி தூரமும் இரண்டு வளைவும் இருக்கின்றன.

அந்த இலவசத்தை வேண்டாம் என்று சொல்லி, அதன் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். சிம்னி குறைந்தது அடுப்பின் அகலத்துக்காவது இருக்க வேண்டும். 75 செ.மீ. அடுப்புக்கு 90 செ.மீ. சிம்னிதான் பொருத்தம். இல்லாவிட்டால் ஓரத்துப் பர்னரில் தாளிக்கும் புகை சிம்னிக்கு வெளியே ஏறி, மேல் கேபினட்டின் அடியில் பிசுக்காகப் படியும்.

பெட்டியில் மணிக்கு 1,200 கன மீட்டர் என்று போட்டிருப்பது உங்கள் வீட்டில் அப்படியே கிடைக்காது. குழாயின் நீளமும் வளைவும் அதைக் குறைத்துவிடும். இதைவிட மோசம், 6 அங்குல வாய் உள்ள சிம்னிக்கு 4 அங்குலக் குழாயை மாட்டுவது. அப்படிச் செய்தால் காற்று போகும் வழி பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். இரைச்சல் கூடும், புகை போகாது. குழாய் கடைசி வரை 6 அங்குலமே இருக்கட்டும். 90 பாகைத் திருப்பங்கள் இரண்டில் ஒன்றையாவது சாய்வாகப் போட முடியுமா என்று பாருங்கள். நெளிவுக் குழாயாக இருந்தால் நன்றாக இழுத்து விறைப்பாகக் கட்டச் சொல்லுங்கள். மடிப்பு மடிப்பாக விட்டால் அதுவும் காற்றைத் தடுக்கும்.

குழாய், சுவரில் துளை, வெளிமூடி ஆகியவை இலவசத்தில் சேர்ந்தவையா என்று கேளுங்கள். பெரும்பாலும் சேராது. குழாய் லாஃப்ட் வழியாகப் போகிறதென்றால் அந்த இடத்தில் பொருள் வைக்க முடியாது. ஆகவே லாஃப்ட் கதவுக்கு அளவெடுக்கும் முன்பே குழாயின் பாதை முடிவாகிவிட வேண்டும். அடுப்புக்கும் சிம்னிக்கும் நடுவே 65 முதல் 75 செ.மீ. இடைவெளி இருக்கட்டும், நீங்கள் வாங்கும் மாடலின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். பொருத்தியவர் கிளம்பும் முன் ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து, மிளகாய் தாளித்துப் பாருங்கள். அதே நேரத்தில் ஒருவர் வெளியே நின்று, மூடியின் மடல்கள் முழுதாகத் திறக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை பாதியில் துடித்துக்கொண்டு நின்றால் கோளாறு குழாயில்தான். அதைச் சரிசெய்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.