பாஸான பீஸுக்கு மட்டும் கூலி: ரிஜெக்ட் ஆனதன் நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: தையல் யூனிட்டில் பீஸ் ரேட்டில் வேலை செய்கிறேன். பீஸுக்கு 6 ரூபாய், செக்கிங்கில் பாஸானதற்கு மட்டும். போன வாரம் 6 நாளில் 720 பீஸ் தைத்தேன். 130 திரும்பி வந்தது. 85 பீஸை ஷிப்ட் முடிந்த பிறகு 9 மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தேன், அந்த நேரத்துக்குத் தனியாகப் பணம் இல்லை. மீதி 45 பீஸ் மொத்தமாக ரிஜெக்ட் என்று சொல்லி, கூலியும் தராமல், துணிக்காக பீஸுக்கு 40 ரூபாய் வீதம் 1,800 ரூபாய் பிடித்துவிட்டார்கள். கைக்கு வந்தது 2,250 ரூபாய். சேரும்போது எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்கள் கணக்கில் மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன: 45 பீஸுக்குத் தராத கூலி 270 ரூபாய், சரிசெய்த 9 மணி நேரம், பிடித்த 1,800 ரூபாய். சட்டம் இவற்றை வேறுவேறாகப் பார்க்கிறது. பெரியதும் உங்கள் பக்கம் வலுவானதும் கடைசி தொகைதான். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தராத கூலி வேறு, சம்பாதித்த கூலியிலிருந்து பிடிப்பது வேறு. பாஸான 675 பீஸுக்கு 4,050 ரூபாய் நீங்கள் சம்பாதித்துவிட்டீர்கள். அதில் கைவைக்க வேண்டுமானால் ஊதியச் சட்டத் தொகுப்பு, 2019 அனுமதிக்கும் காரணம் ஒன்று இருக்க வேண்டும். பொருள் சேதத்துக்காகப் பிடிக்க 18-வது பிரிவு இடம் தருகிறது என்பது உண்மை. ஆனால் அது உங்கள் பொறுப்பில் காவலுக்கென வெளிப்படையாக ஒப்படைத்த பொருளாக இருக்க வேண்டும், சேதமும் நேரடியாக உங்கள் கவனக்குறைவாலோ தவறாலோ வந்திருக்க வேண்டும். தைப்பதற்காக மேசையில் வைத்த கட்டிங் துணி காவலுக்கு ஒப்படைத்த பொருளா என்பதே கேள்விக்குரியது. எதிர்த்தரப்பு ஆம் என்றுதான் வாதிடும். நான் அந்த இடத்திலேயே முதலில் மறுப்பேன்.

அதில் அவர்கள் ஜெயித்தாலும் 21-வது பிரிவைத் தாண்ட வேண்டும். பிடிப்பதற்கு முன்னால் உங்களிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும், உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது, பதிவேட்டிலும் எழுதியிருக்க வேண்டும். அந்த 45 பீஸும் எங்கே போயின என்று விசாரியுங்கள். செகண்ட்ஸாக விற்றிருந்தால் கிடைத்த தொகையைக் கழித்தால்தான் நஷ்டம் தெரியும். துணியின் முழு விலையை உங்களிடம் வாங்கிக்கொண்டு, பீஸையும் விற்றுக் காசாக்குவதற்குச் சட்டத்தில் இடமே இல்லை. ‘இது நஷ்ட ஈடு இல்லை, அபராதம்’ என்று பெயரை மாற்றினாலும் தப்ப முடியாது. அபராதத்துக்கு உச்சவரம்பு அந்த ஊதியக் காலத்துக் கூலியில் 3 சதவீதம். உங்கள் 4,050 ரூபாய்க்கு அது 121 ரூபாய் 50 காசு. அதற்கும் முன்கூட்டி விளக்கம் கேட்டாக வேண்டும்.

அடுத்து, சரிசெய்த 9 மணி நேரம். பீஸ் ரேட் என்பது கூலியை அளக்கும் முறை மட்டும்தான். நீங்கள் வேலை செய்த நேரம் அதனால் மறைந்துவிடாது. ஒரு வேலைக்குக் குறைந்தபட்ச பீஸ் ரேட் அறிவிக்கப்படாமல் நேரக் கூலி மட்டும் அறிவிக்கப்பட்டிருந்தால், பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கும் அந்த நேரக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது 12-வது பிரிவு. வழக்கமான வேலை நாளைத் தாண்டிய நேரத்துக்கு 14-வது பிரிவுப்படி இரட்டிப்பு விகிதம். தவறு உங்களுடையதாகவே இருக்கட்டும், அதைச் சரிசெய்த நேரமும் வேலை நேரம்தான்.

கணக்காகப் பார்ப்போம். உங்கள் வேலைக்கு அறிவித்த குறைந்தபட்சக் கூலி 8 மணி நேர நாளுக்கு 480 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் மாநில அரசாணையில் இருக்கும் எண்ணை அங்கே போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கு 60 ரூபாய். ஷிப்டின் 48 மணி நேரத்துக்கு 2,880, கூடுதல் 9 மணி நேரத்துக்கு இரட்டிப்பில் 1,080, மொத்தம் 3,960. பிடித்தம் இல்லாவிட்டால் உங்கள் 4,050 இதைத் தாண்டிவிடுகிறது, அதுவும் 90 ரூபாய்தான். பிடித்தம் போகக் கைக்கு வந்த 2,250 இந்தக் குறைந்தபட்சத்துக்கும் கீழே 1,710 ரூபாய் போய்விட்டது. இது குறைந்தபட்சக் கணக்கு. இரட்டிப்பை உங்கள் வழக்கமான சம்பாத்திய விகிதத்தில் போட வேண்டும் என்று கேட்கவும் வலுவான காரணம் உண்டு, அப்போது தொகை இன்னும் கூடும்.

இனி அந்த 270 ரூபாய். இதில் உங்களுக்கு ஆறுதலாக மட்டும் பேச நான் விரும்பவில்லை. தரம் என்ன என்பது முன்பே தெளிவாகச் சொல்லப்பட்டு, குறை உங்கள் தையலில் இருந்தால், பாஸாகாத பீஸுக்கு ரேட் கிடையாது என்ற நிபந்தனை நிற்க வாய்ப்புண்டு. குறை வேறு இடத்தில் பிறந்திருந்தால் கதை மாறும். கொடுத்த துணியைச் சொன்னபடி தைத்து முடித்தீர்கள், உங்கள் வேலை முடிந்தது, கூலி வர வேண்டும். அந்தக் காரணத்தால் வந்த ஆல்டர் வேலையும் புது வேலை, தனி ரேட் கேட்கலாம். தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைப்பது முதல் முறை தைப்பதைவிட அதிக நேரம் எடுக்கும் என்பது செக்கிங்கில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும்.

குறை எங்கே பிறந்தது என்பதை பீஸே காட்டிக்கொடுக்கும். ஒரே பண்டிலில் எல்லா பீஸும் ஒரே அளவு குறைந்திருந்தால் கட்டிங்கைப் பார்க்க வேண்டும். உடலும் கையும் வேறு நிறமாக இருந்தால் பண்டில் கலந்திருக்கிறது. அதே மெஷினில் யார் உட்கார்ந்தாலும் தையல் விட்டுப்போனால் மெஷினில்தான் கோளாறு. ஸ்பெக் நடுவில் மாறியிருந்தால் மாறிய தேதி முக்கியம். உங்கள் பீஸில் மட்டும் தையல் கோணியிருந்தால் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் அடுத்த முறை திரும்பி வரும் பீஸைப் பிரிப்பதற்கு முன்பே பண்டில் நம்பர் தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். பிரித்துத் தைத்துவிட்டால் சாட்சி போய்விடும். எத்தனை மணிக்கு ஆரம்பித்து எத்தனை மணிக்கு முடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். காரணத்தைச் செக்கரிடம் சீட்டில் எழுதிக் கேளுங்கள். தர மறுத்தால் சூப்பர்வைசருக்கு ‘இன்ன பண்டிலில் இத்தனை பீஸ், இன்ன காரணம் சொன்னார்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வையுங்கள்.

கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். ஊதியமாக வர வேண்டிய தொகையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 60-வது பிரிவு சொல்கிறது.

சரி, என்ன செய்வது? முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில் கேளுங்கள்: எந்தப் பிரிவின் கீழ் 1,800 ரூபாய் பிடித்தீர்கள், எந்தத் தேதியில் என்னிடம் விளக்கம் கேட்டீர்கள், 45 பீஸ் என்ன ஆயின, ஊதியச் சீட்டு எங்கே. பதில் வராவிட்டால் தொழிலாளர் துறையில் 45-வது பிரிவின் கீழ் கோரிக்கை மனு போடலாம், சங்கம் மூலமாகவும் போடலாம். அதிகாரி பாக்கித் தொகையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்க முடியும். கூலியைச் சரியாகக் கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு 59-வது பிரிவுப்படி முதலாளியுடையது. காலக்கெடு 3 ஆண்டுகள். ஆனால் இந்தச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பிடித்தங்கள் 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தின் கீழ் வரும், அங்கே கெடு 12 மாதம்தான். பழைய பாக்கியும் இருந்தால் அந்த மனுவை முதலில் போடுங்கள்.